நான் இல்லாமல் விளைந்த நெல்

எனக்கு முப்பது வயது ஆகப்போகிற நேரம். வெம்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகளுக்கு மாப்பிள்ளையாக என்னைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். சேவூரைத் தாண்டி ரோட்டோரம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் எங்கள் கழனி. ஒன்றரை ஏக்கர். ஒரு கிணறு, ஒரு மோட்டார்.

வந்தவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். ஜாதகத்தைப் பற்றிக் கேட்பார் என்று நானும் அப்பாவும் காத்திருந்தோம்.

"கழனியப் பாக்கலாங்களா?" என்றார்.

அப்பாவுக்குச் சந்தோஷம். நிலத்தைப் பார்க்க ஆசைப்படுகிற மனிதர் நல்ல மனிதர் என்பது அவர் கணக்கு. முன்னால் நடந்து வழிகாட்டினார். நானும் போனேன்.

நடவுக்கு முன்னால் வரப்பு வெட்டுகிற சமயம் அது. அண்ணன் மம்முட்டியால் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தான். அண்ணி பின்னாலேயே வந்து, அவன் வெட்டிப்போட்ட புல்லை வாரிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் புல்லை உதறி மண்ணைத் தட்டினாள். தம்பி மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் வேலை மடை. தண்ணீர் ஒரு பாத்தியில் நிரம்பியதும் அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட வேண்டும். மாப்பிள்ளை பார்க்க வந்ததால் அன்றைக்கு நான் வேலைக்கு இறங்கவில்லை. ஆனாலும் தண்ணீர் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் வரப்பை வெட்டுகிறபோதே நடுவில் இரண்டு எட்டு போய்த் திருப்பிவிட்டு வந்தான்.

வந்தவர் இதையெல்லாம் வரப்பில் நின்று பார்த்தார். அவரும் விவசாயி. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை.

"இந்தக் கழனிய எத்தினி பேரு பாக்கறீங்க?"

"குடும்பமே இதுலதாங்க," என்றார் அப்பா பெருமையாக. "ஆறு பேரு. கூலிக்கு ஆள் வெக்கறதே இல்ல."

"ரெண்டு பேரு வேலய ஆறு பேரு பாத்துகினு கீறீங்க."

அப்பா சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தபடியே அப்பாவிடம் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் புள்ளய இந்தக் கழனியில இருந்து எடுத்துட்டா ஒரு படி நெல்லு கொறையுமா? சொல்லுங்க. கொறையும்னா எம்பொண்ண நாளைக்கே குடுக்கறேன்."

அண்ணன் மம்முட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். தம்பி மட்டும் மோட்டார் கொட்டகையில் இருந்து 'க்ளுக்' என்று சிரித்தான். அவர் எங்களைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அப்பா சாப்பிடவில்லை. சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டார்.

"கழனியும் கிணறும் வெச்சிருக்கற வூட்டுக்கு வந்து, எம்புள்ள தண்டச்சோறுன்னு சொல்லிட்டுப் போறான். அவன் சொன்னது பொய்யின்னு நான் காட்டறேன்." என்னைக் கையால் காட்டினார். "இவன் இந்தப் போகம் கழனியில கால் வெக்கக் கூடாது. அறுத்து, எடை போட்டு, எத்தினி மூட்ட கொறையுதோ அதச் சொல்லிட்டு வரேன் அவன் வூட்டு வாசல்ல."

எனக்காகத்தான் அவர் அப்படிச் செய்தார். அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். நெல் குறையும் என்று அவர் முழுசாக நம்பினார். நானும் நம்பினேன்.

மறுநாளே எனக்கு வேலை இல்லாமல் போனது. விடிந்ததும் எல்லாரும் கழனிக்குப் போவார்கள். நான் வீட்டில் இருப்பேன். வீட்டில் இருக்க வெட்கமாக இருந்ததால் ரோட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் உட்காருவேன். அங்கிருந்து எங்கள் வீட்டின் ஓரமாகக் கழனி தெரியும்.

நடவு நடந்தது. முன்பெல்லாம் ஆறு பேரும் இறங்குவோம். இந்த முறை ஐந்து பேர். 'இப்போ தெரியும் பார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வழக்கமாக முடிகிற அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் காலையும் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டுக் கரையேறினார்கள். என்னுடைய உழைப்பு அந்த ஒரு காலைப்பொழுதுதான் என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மடையை அண்ணன் பார்த்தான். முன்னால் நான் மடை திருப்பிவிட்டு வேப்பமரத்தடியில் உட்காருவேன். அண்ணன் வரப்பு வெட்டிவிட்டு அதே மரத்தடிக்கு வருவான். தம்பி ஏற்கெனவே அங்கே இருப்பான். மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்போம். அதைத்தான் நாங்கள் உழைப்பு என்று நினைத்திருந்தோம். இப்போது அண்ணன் மரத்தடியில் உட்காருகிற நேரம் கொஞ்சம் குறைந்தது. வேறு ஒன்றும் மாறவில்லை. களையெடுப்புக்கு அம்மாவும் அண்ணியும் ஒரு நாள் கூடுதலாகக் குனிந்தார்கள். உரம் போட ஒரே ஆள் போதும். எப்போதும் ஒரே ஆள்தான் போட்டான், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நாற்று வேர் பிடித்தது. தூர் கட்டியது. பச்சை கருத்தது. அந்தப் பயிர் நன்றாக வளர்ந்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. விவசாயி வீட்டில் பிறந்தவன் சொல்லக் கூடாத வார்த்தை இது. தண்டுப்புழு வராதா, ஒரு பெரிய காற்று அடித்துக் கதிர் சாயாதா என்று தினமும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

வீட்டில் அண்ணி முதலில் மரியாதையாகத்தான் இருந்தாள். "நீங்க ஒக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். பிறகு அந்த 'ஒக்காருங்க'வில் ஒரு அழுத்தம் வந்தது. பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள். கழனியில் இருந்து வந்தவர்களுக்கு முதலில் சோறு, எனக்குக் கடைசியில். யாரும் அப்படி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி ஆனது.

தம்பிக்குத்தான் கொண்டாட்டம். "சார் ஆபீசுக்குக் கெளம்பிட்டாரு" என்பான் நான் டீக்கடைக்குப் போகும்போது. "பெஞ்சு தேஞ்சிடப் போகுது சார்."

அறுப்பு மிஷின் வந்தது. அதை ஓட்ட ஒரு ஆள், மூட்டை பிடிக்க இரண்டு ஆள் போதும். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. நெல் காய்ந்ததும் களம்பூர் வியாபாரி தராசோடு வந்து எடை போட்டார். அப்பா பக்கத்திலேயே நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். மூட்டை எண்ணிக்கையை நான் என் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

எடை போட்டு முடிந்தது. போன வருடம் எத்தனை மூட்டையோ அத்தனை மூட்டை. அதற்கு மேல் ஒரு சின்னச் சிப்பமும் இருந்தது. அது மழையால் வந்ததாக இருக்கும்.

அப்பா நம்பவில்லை. "இன்னொரு தபா போடுங்க," என்றார்.

"இன்னாங்க, கூட வந்ததுக்குப் போயி திரும்பப் போடச் சொல்றீங்க?" என்று வியாபாரி சிரித்தார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு பொருளை வாங்கி வீட்டுக்கு வந்து பிரித்ததும் ஏமாந்தது தெரிந்தவர் பார்ப்பாரே, அந்த மாதிரி.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்.

"வெம்பாக்கத்தான் கரெக்டாத்தான் சொல்லிட்டுப் போயிருக்கான்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி வருசமா நீ கழனிக்கு வந்து இன்னாடா செஞ்ச? அவங்க வெளைய வெச்சத உக்காந்து துன்னிருக்க. உன் தட்டுல இருக்கறது உன் அண்ணன் சோறு. உன் தம்பி சோறு."

"நீங்கதானப்பா வெளி வேலைக்குப் போகக் கூடாதுன்னு..."

"எதிர்த்துப் பேசாத. ஆம்பளயா இருந்தா உனக்கே தெரிஞ்சிருக்கும்."

அம்மா எனக்கு இரண்டாவது முறை சோறு போடக் கரண்டியை எடுத்திருந்தாள். அப்பா அந்தக் கரண்டியைப் பார்த்தார். அம்மா அதைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள். அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்த வாரம் ஆரணியில் பட்டுச்சேலை நெய்கிற ஒருவர் வீட்டுக்குப் போய் வேலை கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சின்ன வயசுலயே தறியில உக்காந்திருக்கணும். இந்த விரலு இழைய அறுத்துடும்" என்றார். நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்து பஸ் ஏறிக் களம்பூர் போனேன். ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்க ஆள் கேட்டார்கள். அங்கேயே சேர்ந்தேன். மில்லுக்குப் பின்னால் ஆள்கள் தங்குகிற அறையில் ஒரு மூலை கிடைத்தது.

முதல் வாரம் தோள்பட்டைத் தோல் உரிந்தது. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஒரு காலையில் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்து கதவைத் தட்டினார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார்.

"நீ வராம லாரி அப்படியே நிக்குதுடா! ஏத்தறதுக்கு ஆள் பத்தல. டிரைவர் கத்திகினு கீறான். ஜல்தி எழுந்து வா."

நான் வராததால் ஒரு லாரி நிற்கிறது. அவர் திட்டத் திட்ட எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். "சரி சரி, எண்ண தேச்சிகினு வா" என்று குரலைக் குறைத்துக்கொண்டார்.

அடுத்த சம்பாவுக்கு அப்பா தம்பியையும் நிறுத்தினார். இந்த முறை யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கே அது ஒரு பிடிவாதமாகிவிட்டது. ஒருவனை எடுத்து ஒன்றும் குறையவில்லை என்றால் இன்னொருவனை எடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியிருக்கிறது. அண்ணனுக்குக் குடும்பம் இருக்கிறது, அவனைத் தொட முடியாது. மிச்சம் தம்பி.

தம்பி டீக்கடை பெஞ்சுக்குப் போகவில்லை. என்னைக் கிண்டல் செய்த பெஞ்சு அது. வீட்டுக்குள்ளேயே கிடந்தான் என்று அம்மா போனில் சொன்னாள். "மொவம் குடுத்துப் பேச மாட்டேங்கறான்டா. அப்பாவும் ஒன்ன சொன்ன மாதிரியே இவனையும் சொல்லிகினு கீறாரு."

கதிர் வெளியே வருகிற சமயம் மோட்டார் எரிந்துபோனது. அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் கதிர் பால் பிடிக்காது. எரிந்த கம்பிச்சுருளை மாற்றிப் புதுக் காயில் கட்ட ஆரணியில் கொடுத்தார்கள். கடையில் வேலை குவிந்திருந்தது. அது வருவதற்குள் கழனி காய்ந்து வெடித்துவிட்டது. பக்கத்துக் கிணற்றுக்காரரும் தன் பயிருக்கே தண்ணீர் பத்தவில்லை என்று கையை விரித்துவிட்டார். அறுத்தபோது பாதிக்குப் பாதி உள்ளே அரிசி இல்லாத கருக்காய். தூற்றினால் காற்றோடு போனது.

அறுப்பு முடிந்த மறுவாரம் தம்பி மில்லுக்கு வந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அப்பா என்னத் திரும்பக் கழனிக்குக் கூப்ட்டுகினாரு," என்றான்.

"எப்படிடா?"

"நான்தான மோட்டார் கிட்ட எப்பவும் இருப்பேன். நான் இருந்த வரைக்கும் மோட்டார் எரியல. என்ன எடுத்ததும் எரிஞ்சுபோச்சு. நெல்லு பாதியாப் போச்சு. அப்பாவே எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறாரு."

டீயை ஊதினான். பிறகு மெதுவாகச் சிரித்தான்.

"எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து மூணு பியூஸ்ல ஒண்ணப் பிடுங்கிட்டு மோட்டாரப் போட்டேன். உறுமிகினே இருந்துச்சு. சுத்தல. பொகை வந்ததும் பியூஸ சொருகிட்டு வந்துட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அதைச் செய்திருக்கிறான். எந்த நாளில் செய்தால் அதிகம் சாகும் என்று தெரிந்து செய்திருக்கிறான். கழனியைப் பற்றிய அறிவு அவனுக்கு அவ்வளவு இருந்தது. அந்த அறிவுக்குக் கழனியில் வேறு வேலை இல்லை.

"அண்ணனுக்குக் கொழந்தைங்க கீதுடா," என்றேன்.

"எனக்கு மட்டும் இன்னா கீது?" என்று கேட்டான்.

அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். அரிசி வெளியில் வாங்கியிருந்தார்கள். அண்ணி காதில் தோடு இல்லை, ஈர்க்குச்சி செருகியிருந்தாள். அப்பா சாப்பாட்டின் நடுவில் என்னைப் பார்த்தார்.

"உன்ன எடுத்தேன். ஒண்ணும் கொறையல. இவன எடுத்தேன். பாதி போச்சு." தம்பியின் முதுகில் தட்டினார். "இவன்தான்டா வெவசாயி. மண்ணுக்கே தெரியுது யாரு வேணும் யாரு வேணாம்னு."

தம்பி தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது. அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தால் தீர்ந்துவிடும். சொன்னால் தம்பியை அப்பா அங்கேயே கொன்றுபோட்டிருப்பார். சொல்லாவிட்டால் அந்த வீட்டில் எனக்கு எப்போதைக்கும் தண்டச்சோறு என்ற பெயர்தான்.

"ஆமாம்பா," என்றேன்.

தம்பிக்குச் சீக்கிரமே கல்யாணம் ஆனது. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அப்பா எங்களை வரிசையாகக் காட்டினார். "பெரியவன். கழனியப் பாக்கறான். சின்னவன், இவன் இல்லன்னா எங்க கழனியே இல்ல." என்னிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். "இது நடுவுல. மில்லுல மூட்ட தூக்குது." மணப்பெண்ணின் மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கல்யாணம் முடிந்து ஒரு போகம் போனது. மோட்டார் ஒழுங்காக ஓடியது, பழைய அளவு நெல் வந்தது. அப்பாவுக்குத் தன் பேச்சு நிரூபணமாகிவிட்டது. மருமகளும் சேர்ந்ததால் கழனியில் மறுபடி ஆறு பேர்.

ஒரு நாள் சாயங்காலம் தம்பி மறுபடி மில்லுக்கு வந்தான். இந்த முறை டீ வேண்டாம் என்றான். லாரிக்குப் பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இங்க எனக்கு ஒரு வேல வாங்கிக் குடு."

"உனக்குத்தான் கழனி கீதே."

"அங்க இன்னா கீது?" என்று கத்தினான். பிறகு குரலை இறக்கினான். "கொட்டாயில உக்காந்துகினு மோட்டாரப் பாத்துகினு கீறேன். தண்ணி வருது. பாக்கறேன். நின்னா எழுந்து போறேன். பைத்தியம் புடிக்குதுடா. எம்பொண்டாட்டி என்னப் பாக்கறா. ஒண்ணும் கேக்க மாட்டேங்கறா, பாக்கறா. அவங்கப்பாவும் வெவசாயிதான். அவளுக்கு எல்லாம் தெரியுது."

"அப்பாகிட்ட சொல்லிட்டு வா."

"எப்படிச் சொல்றது? நான் போனா பயிர் செத்துடும்னு சொல்லிகினு கீறாரு ஊரெல்லாம். நான் போயி பயிர் நல்லா வந்துச்சின்னா?"

மேஸ்திரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். அடுக்கில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைக்கச் சொல்லி, "தூக்கு" என்றார். ஒரு ஆள் தூக்கிவிட்டான். மூட்டை தோளில் விழுந்ததும் தம்பியின் முழங்கால் மடங்கியது. இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் மூட்டையோடு சாய்ந்தான். ஆட்கள் சிரித்தார்கள். மூட்டையின் வாய் பிரிந்து நெல் தரையில் சிதறியது.

"பழகணும். பழகினா வரும்," என்றார் மேஸ்திரி. "நாளைக்கு வரியா?"

தம்பி கீழே உட்கார்ந்து சிதறிய நெல்லைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். அந்த வேலைக்கென்று ஒரு பெண் துடைப்பத்தோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"நவுருப்பா," என்றாள். "நீ அள்ளினா எனக்கு ரெண்டு வேல."

அவன் எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நான் லாரிக்கு மூட்டை ஏற்றப் போக வேண்டியிருந்தது, போய்விட்டேன். இரண்டு நடை தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவன் கேட்டைத் தாண்டி வெளியே நின்றிருந்தான். சேவூர்ப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. தம்பி அதில் ஏறவும் இல்லை, திரும்பி உள்ளே வரவும் இல்லை. கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். அடுத்த மூட்டையை யாரோ என் தோளில் போட்டார்கள்.